மூன்றாம் மெஷினின் வால்வு

சபாபதியும் தம்புசாமியும் ஆறு வருடமாகப் பேசிக்கொண்டதில்லை. ஆனால் தினமும் சண்டை போட்டார்கள். சண்டைக்கு வாய் எதற்கு, அதுதான் லாக் புத்தகம் இருக்கிறதே.

பிரிக்பீல்ட்ஸில் பதினெட்டு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்று, விஸ்மா என்பார்கள். அதன் அடித்தளத்தில் கட்டடத்துக்கே குளிர் அனுப்பும் மெஷின் அறை. காலை ஏழிலிருந்து மூன்று வரை சபாபதி, மூன்றிலிருந்து பதினொன்று வரை தம்புசாமி. ஒருவன் மேசையை விட்டு எழுந்தால்தான் மற்றவன் உட்காருவான். மணிக்கு ஒருமுறை அளவுகளை எழுத வேண்டிய அந்தப் புத்தகத்தில், ஓரத்துக் கட்டத்தில், இருவரும் வஞ்சகமில்லாமல் வைதுகொள்வார்கள். ‘இரண்டாம் பம்ப் ஒழுகுகிறது, கண் உள்ளவன் பார்க்கலாம்’ என்று தம்புசாமி எழுதுவான். ‘ஒழுகுவது பம்ப் மட்டும் அல்ல, சிலருடைய வாயும்தான்’ என்று மறுநாள் சபாபதி எழுதுவான்.

வாய் ஒழுகிய கதை இதுதான். ஒரு மதியம் சபாபதி நாற்காலியிலேயே தூங்கிப்போனான். அதைத் தம்புசாமி ஆபீஸில் போய்ச் சொன்னான். சபாபதிக்கு வரவிருந்த ஹெட் பதவி வராமல் போயிற்று. தம்புசாமிக்கும் வரவில்லை. அவனுக்கு வந்தது ‘காட்டிக்கொடுத்தவன்’ என்ற பெயர். வாசலில் காவல் நிற்கும் ஜாகாவிலிருந்து துப்புரவுக்கார அக்கா வரை அப்படித்தான் சொன்னார்கள். அதோடு இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள், புத்தகத்தைத் திறந்துகொண்டார்கள்.

இந்த அழகில் 1992ஆம் வருடம் புது என்ஜினியர் வந்தார். பெயர் சோமசுந்தரம், வயது முப்பத்தொன்று, கிள்ளானில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பம். சட்டைக் கை மடிப்பு கலையாத மனிதர். மெஷின் அறைக்கு வந்தால் எதிலும் சாயமாட்டார், எண்ணெய் ஒட்டிவிடும். வந்த இரண்டாம் வாரமே சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்.

அதுவரை அந்த அறையில் சபாபதி வைத்ததுதான் சட்டம். காலை ஏழரைக்கு மூன்று மெஷினையும் ஏற்றிவிடுவான். கூடவே மூன்று கண்டன்ஸர் பம்புகளும் ஓடும். மெஷினில் சூடாகும் தண்ணீரைக் கூரைமேல் இருக்கும் கூலிங் டவருக்கு அனுப்பி, ஆறிய தண்ணீரைத் திரும்ப வாங்கித் தருவது அந்தப் பம்புகளின் வேலை. மூன்றும் பாதி லோடில் முனகிக்கொண்டு ஓடும். யாரும் மேலிருந்து ‘சூடாக இருக்கு’ என்று போன் செய்யமாட்டார்கள். சபாபதிக்கு அது போதும்.

காகிதம் வேறு சொன்னது. இரண்டு மெஷின்தான் ஓட வேண்டும். இரண்டும் தொண்ணூற்றைந்து சதவிகிதத்தைத் தாண்டி, மேலே போகும் குளிர்நீரும் எட்டு டிகிரிக்குமேல் கால்மணி நேரம் நின்றால்தான் மூன்றாவதை எழுப்ப வேண்டும். எழுப்பும்போது முதலில் வால்வு, பிறகு பம்ப், பிறகு மெஷின். நிறுத்தும்போது முதலில் மெஷின், பிறகு பம்ப், கடைசியாக வால்வை மூட வேண்டும்.

சொன்னது சரிதான். பாதி லோடில் மூன்றை ஓட்டுவது, ஒரு மூட்டையைச் சுமக்க மூன்று ஆளைக் கூப்பிடுவது போலத்தான். சபாபதிக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது. கையில் எண்ணெய் படாதவன் சொல்லித் தனக்குத் தெரிந்ததைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று பொருமினான்.

அன்று சாயங்காலம் தம்புசாமி ஷிப்டில் மூன்றாம் மெஷின் நிறுத்தப்பட்டது. ‘எண் 3 ஆஃப், 6.10, த.சா.’ என்று புத்தகத்தில் எழுதியிருந்தான். மறுநாளிலிருந்து இரண்டே மெஷின்.

ஐந்தாம் நாள் மதியம் இரண்டாம் மெஷின் பிரஷர் ஏறி ட்ரிப் ஆகி நின்றது. சபாபதி ஷிப்ட். மேலே வங்கிக்காரர்களின் கம்ப்யூட்டர் அறை வெந்தது. ஒன்பதாம் நாள் மூன்றரை மணிக்கு மறுபடியும் நின்றது. தம்புசாமி ஷிப்ட். அப்போது சோமசுந்தரம் வந்து, மெஷின் இரண்டே ஓடினாலும் மூன்றாம் கண்டன்ஸர் பம்பையும் சேர்த்துப் போடச் சொன்னார். பிரஷர் இறங்கிற்று. அவருக்கு அது போதும், விஷயம் தெரிந்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார்.

மறுநாள் மதியம் ஒன்றரைக்குக் கையில் ஒரு கவரோடு இறங்கி வந்தார்.

“சபாபதி, ஹரி ராயா பெருநாள் லீவுல இந்த மெஷின் ட்யூபெல்லாம் பிரஷ் பண்ணது நீங்கதானே?”

“நான்தான் பாஸ். ரெண்டு ஆளு வச்சு மூணு நாள்.”

“பிரஷ் பண்ணீங்களா, இல்ல பிரியாணி சாப்பிட்டுப் படுத்தீங்களா? ட்யூப்ல அழுக்கு இருந்தாத்தான் பிரஷர் இப்படி ஏறும். தண்ணி கூடக் குடுத்தா இறங்குது. ஒரு பம்பு தண்டமா ஓடுது உங்களால. நீங்க தூங்குற ஆளுன்னு ஃபைல்லயே இருக்கு லா.”

சபாபதிக்குக் காது சுட்டது. அந்த மூன்று நாளும், கண்டன்ஸருக்குள் தண்ணீர் ஓடும் ஒவ்வொரு ட்யூபாக, கம்பியைத் தள்ளித் தள்ளி, முழங்கைத் தோல் உரிந்து கிடந்தான். ஆள் வைத்தாலும் அடுத்தவன் கையை நம்பாமல் தானே மறுபடி விட்டுப் பார்த்தான். ஆயுசில் ஒருநாள் தூங்கியதற்கு ஆயுசுக்கும் பதில் சொல்ல வேண்டுமா?

“அழுக்கு இல்ல பாஸ். தொறந்து பாருங்க.”

“தொறக்கத்தான் போறேன், சனிக்கிழமை. அதுக்கு முன்னாடி இன்னைக்கு டெஸ்ட். மூணாவது பம்பை நிறுத்துங்க. ரெண்டு மெஷின், ரெண்டு பம்பு. அஞ்சு மணிக்குள்ள ட்ரிப் ஆச்சுன்னா இந்த டிஸ்மிஸ் லெட்டர்ல சைன் பண்ணிக் குடுத்துடுவேன்.” கவரை மேசைமேல் வைத்தார். “ஜாகாகிட்ட சாவியக் குடுத்துட்டுப் போகலாம்.”

சபாபதிக்கு நாற்பத்தொன்பது வயது. மெஷின் அறைக்காரர்கள் உலகம் சின்னது. பிரிக்பீல்ட்ஸில் காலையில் வேலை போனால், சாயங்காலம் காஜாங்கில் கோப்பிக் கடையில் பேசுவார்கள். அதுவும் ட்யூப் கழுவாமல் கழுவினேன் என்று சொல்லி மாட்டினவன் என்றால் எவன் தன் மெஷினைத் தொடவிடுவான்? பம்பை நிறுத்தினான். பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

சோமசுந்தரம் நாற்காலியில் தாள் விரித்து உட்கார்ந்துகொண்டார். இரண்டே கால் ஆயிற்று. வெளியே வெயில் கொளுத்திற்று. இரண்டு மெஷினும் தொண்ணூறு சதவிகிதத்துக்கு ஏறின. பிரஷர் முள் மெல்ல மெல்லச் சிவப்புக் கோட்டை நோக்கி நகர்ந்தது.

சபாபதி இரண்டாம் மெஷினுக்கு முன்னால் போய் நின்று, பதட்டத்தை அடக்கி, மூன்று அளவுகளைப் படித்தான். கண்டன்ஸருக்குள் நுழையும் தண்ணீர் முப்பத்தொன்றரை. வெளியே வரும் தண்ணீர் முப்பத்தொன்பதரை. உள்ளே, அந்தத் தண்ணீருக்குச் சூட்டை இறக்கும் கேஸ் நாற்பத்தொன்றரை.

மறுபடி படித்தான். கேஸுக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் இடையில் இரண்டே டிகிரி. அந்த இடைவெளிக்குத்தான் அப்ரோச் என்று பெயர். ட்யூபில் அழுக்குப் படிந்திருந்தால் சூடு தண்ணீருக்குள் இறங்க முடியாமல் கேஸ் தனியே கொதித்துக்கொண்டு நிற்கும், அப்ரோச் ஐந்து ஆறு என்று விரியும். இங்கே இரண்டு. ட்யூப் பளிங்கு மாதிரி இருக்கிறது என்று மெஷினே சாட்சி சொல்கிறது. அவன் கண் கலங்கிவிட்டது. ஆத்தா, நீயாவது சொன்னாயே என்று அந்த இரும்பைத் தொட்டுக்கொண்டான்.

ஆனால் நுழையும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் எட்டு டிகிரி வித்தியாசம். ஐந்துதான் இருக்க வேண்டும். முதல் மெஷினிலும் அதே எட்டு. சூட்டைச் சுமக்கத் தண்ணீர் போதவில்லை. பம்ப் இரண்டும் ஒழுங்காக ஓடுகின்றன. அப்படியானால் தண்ணீர் எங்கே போகிறது?

“பாஸ், அப்ரோச் பாருங்க. ரெண்டுதான்.”

“டவருக்குப் போற பைப்ல முப்பத்தாறு காட்டுது. எப்பவும் அதுதானே? தண்ணி எல்லாம் சரியாத்தான் போகுது. ட்யூப்தான் டர்ட்டி. எனக்கு நீங்க கிளாஸ் எடுக்க வேணாம்.”

எல்லாம் கலந்து போகும் குழாயில் முப்பத்தாறு. இங்கே வெளியே வருவது முப்பத்தொன்பதரை. அப்படியென்றால் வழியில் எங்கேயோ சூடாகாத தண்ணீர் வந்து கலக்கிறது. சூடாகாத தண்ணீர் எங்கிருந்து வரும்? ஓடாத மெஷினிலிருந்து வரும்.

சபாபதி பம்புகளைச் சுற்றி மூன்றாம் மெஷினுக்குப் பின்னால் போனான். பத்து நாளாகத் தூங்கும் மெஷின். அதன் கண்டன்ஸர் குழாயில் உள்ளங்கையை வைத்தான். குழாய் உயிரோடு இருந்தது. உள்ளே தண்ணீர் இரைந்துகொண்டு ஓடிற்று. மூன்று மெஷினுக்கும் பொதுவான குழாயிலிருந்துதான் தண்ணீர் பிரிகிறது. பம்புகளுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது மூன்றாம் மெஷின் என்பதால், வேலையே செய்யாத இவள்தான் முதல் பந்தியில் உட்கார்ந்து பெரிய பங்கைக் குடித்துக்கொண்டிருந்தாள். வேலை செய்கிற இரண்டும் தாகத்தில் ட்ரிப் ஆகின. மூன்றாம் பம்பைப் போட்டால் எல்லாருக்கும் தாராளமாகக் கிடைத்தது, என்ஜினியரும் ஏமாந்தார்.

வால்வு திறந்து கிடக்கிறது. மூடவேண்டியவன் மூடவில்லை. நிறுத்தினது யார்? ‘எண் 3 ஆஃப், 6.10, த.சா.’

சபாபதிக்கு உடம்பெல்லாம் சர்க்கரை ஏறியதுபோல் இருந்தது. மாட்டினான். ஆறு வருடம் கழித்து மாட்டினான். வால்வின் சக்கரத்தைப் பார்க்கக் குனிந்தான்.

சக்கரத்தில் கம்பியால் கட்டின ஒரு தகரம் தொங்கிற்று. தூசியைக் கட்டை விரலால் துடைத்தான். நீலப் பெயின்டில் எழுதியிருந்தது: ‘இந்த வால்வை மூடாதே. சபாபதி.’

அவன் கையெழுத்துதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் எழுதியது. அது பெரிய கேட் வால்வு, மூட நாற்பது சுற்று, திறக்க நாற்பது சுற்று. சாயங்காலம் நிறுத்தி, காலையில் மறுபடி எழுப்பப் போகிற மெஷினுக்கு எதற்கு இந்தத் தோள்வலி என்று ஒருநாள் தகரத்தை வெட்டிக் கட்டிவிட்டான். சாயங்காலம் லோடு குறைந்துவிடும், தண்ணீர் கொஞ்சம் வீணாகப் போனாலும் யாருக்கும் தெரியாது. பட்டப்பகலில் இரண்டே மெஷின் ஓடும் காலம் வரும் என்று அவன் கண்டானா? நேற்று வந்தவர் சுவரில் ஒட்டின காகிதம் ஆயிரம் சொல்லட்டும். ஐந்து வருடமாகச் சக்கரத்திலேயே தொங்கும் தகரம் சொல்வதைத்தான் கை கேட்கும். தம்புசாமி கையும் கேட்டிருக்கிறது. பகையாளி எழுதினதாயிற்றே, கழற்றினால் அதற்கொரு சண்டை வரும் என்று விட்டிருப்பான்.

சபாபதி சுற்றிப் பார்த்தான். கம்பியை முறுக்கி அறுத்தான். தகரத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

நிமிர்ந்தபோது இரண்டாம் பம்புக்கு அந்தப் பக்கம் தம்புசாமி நின்றான். ஷிப்டுக்குக் கால்மணி முன்னால் வந்துவிட்டான், சாப்பாட்டுத் தூக்கு இன்னும் கையில் இருந்தது. அவன் கண் சபாபதியின் சட்டைமேல் ஒரு கணம் நின்றது. பிறகு தூக்கைக் கொண்டுபோய் வழக்கமான இடத்தில் வைத்தான்.

சபாபதி திரும்பி நடந்தான். பார்த்தானா, பார்க்கவில்லையா என்று யோசிக்க நேரமில்லை. முள் கோட்டைத் தொட இன்னும் ஒரு விரற்கடை இருந்தது.

“பாஸ், மூணாவது மெஷின் வால்வு தொறந்து கெடக்கு. தண்ணியெல்லாம் அதுலதான் போகுது. மூடச் சொல்லுங்க. இந்த முள்ளு எறங்கலன்னா அந்த லெட்டர்ல நானே சைன் பண்றேன்.”

சோமசுந்தரம் அவனைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், எழுந்தார். “தம்புசாமி, க்ளோஸ் இட்.”

தம்புசாமி போய்ச் சக்கரத்தைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தான். துரு ஏறிய தண்டு கிறீச்சிட்டது. அறுந்த கம்பி சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிற்று. முப்பது சுற்றுவரை ஒன்றும் நடக்கவில்லை. அதற்குமேல் முதல் மெஷினுக்கும் இரண்டாம் மெஷினுக்கும் போகும் குழாய்களில் இரைச்சல் கூடிற்று. சபாபதி வாய்விட்டுப் படித்தான். வெளியே வரும் தண்ணீர் முப்பத்தெட்டு. முப்பத்தேழு. முப்பத்தாறரை. கேஸ் நாற்பத்தொன்றரையிலிருந்து முப்பத்தெட்டரைக்கு இறங்கி நின்றது.

“அப்ரோச் அப்பவும் ரெண்டு, இப்பவும் ரெண்டு பாஸ். ட்யூப்ல அழுக்கு இருந்தா அது இங்க தெரியும். எறங்குனது தண்ணிச் சூடுதான்.”

சோமசுந்தரம் தானே வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மூன்று அளவுகளையும் படித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கவரை எடுத்துப் பாதியாகக் கிழித்தார். பிறகு லாக் புத்தகத்தை முன்னால் இழுத்துப் பத்து நாள் பின்னால் புரட்டினார்.

“தம்புசாமி. நம்பர் த்ரீய நிறுத்துனது நீங்க. வால்வை மூடணும்னு சுவத்துல போட்டிருக்கு. ஏன் மூடல?”

தம்புசாமி கையில் இருந்த துருவைத் துணியில் துடைத்தான்.

“படிக்கத் தெரியாதா? கிழிச்ச லெட்டரைப் புதுசா டைப் பண்ண அஞ்சு நிமிஷம் ஆகாது. பேர மட்டும் மாத்தணும். ஏன் மூடலன்னு கேக்குறேன்.”

‘தகரம் இருந்தது, அவன்தான் கழற்றினான், சட்டைக்குள் இருக்கிறது’ என்று சொல்ல மூன்று மூச்சு போதும். தம்புசாமி சொல்லவில்லை. சபாபதியைப் பார்த்தான். ஆறு வருடத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. பார்த்துவிட்டேன், சொல்லமாட்டேன், ஒரு தடவை சொல்லிப் பட்டது போதும், நீ வாழ்ந்துக்கோ என்று இருந்தது.

சபாபதிக்கு அதுதான் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். காட்டிக்கொடுத்திருந்தால் கொண்டாடியிருப்பான், பார்த்தீர்களா இவன் புத்தியை என்று ஊரைக் கூட்டியிருப்பான். இவன் வாயை மூடிக்கொண்டு வேலையை விட்டுப் போவானாம், நான் தினமும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து இவன் போட்ட பிச்சையில் சோறு தின்ன வேண்டுமாம். ஆறு வருடம் கட்டிக்காத்த பகையை ஒரே பார்வையில் இவன் ஜெயித்துக்கொண்டு போய்விடுவானாம். வேலை போனாலும் போகட்டும், இவனுக்குக் கடன்பட்டவன் என்ற பெயரோடு சுடுகாட்டுக்குப் போகமாட்டேன் என்று நினைத்தான். நினைத்து முடிப்பதற்குள் கை சட்டைக்குள் போய்விட்டது.

தகரம் மேசைமேல் விழுந்து இரண்டு தடவை சுழன்று அடங்கியது.

“அவன் மூடாததுக்குக் காரணம் இதுதான். எழுதுனது நானு. சக்கரத்துல கட்டுனது நானு. இப்ப அவுத்து ஒளிச்சதும் நானு.” பிறகு தம்புசாமி பக்கம் திரும்பினான். “உன் மேல இரக்கப்பட்டுச் சொல்லல. நல்லா கேட்டுக்க.”

“தெரியும்” என்றான் தம்புசாமி. “நீ நல்ல எண்ணத்துல ஒரு வேல செய்ய மாட்ட.”

ஆறு வருடத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

சோமசுந்தரம் தகரத்தை நுனிவிரலால் திருப்பிப் படித்தார். கடைசியில் சொன்னார்:

“ட்யூப் க்ளீன். அதனால உங்கள அனுப்பல. ஆனா தனியா ஒரு ஷிப்ட உங்ககிட்ட விடமாட்டேன். காலைக்கு எங்க செமினி சைட்லேர்ந்து ஒரு ஆள் வரான். நீங்க இன்னைலேர்ந்து மத்தியான ஷிப்ட். தம்புசாமிதான் ஹெட். அவர் சொல்றதச் செய்யணும், அவ்வளவுதான்.” கிழிந்த கவரையும் தகரத்தையும் எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

எந்தப் பதவிக்காகச் சபாபதி ஆறு வருடம் எரிந்தானோ அது தம்புசாமிக்கு, அவனுக்குக் கீழே தான். அதைக் கையில் எடுத்துக்கொடுத்ததும் தான்தான். சபாபதி சுவரைப் பார்த்து நின்றான். தம்புசாமி நாற்காலியில் போட்டிருந்த தாளைத் தட்டி எடுத்துவிட்டு உட்கார்ந்தான். இருப்பது ஒரே நாற்காலி.

வெயில் தணியவில்லை. மூன்றே முக்காலுக்கு இரண்டு மெஷினும் தொண்ணூற்றாறைத் தொட்டன. குளிர்நீர் எட்டு டிகிரி, எட்டேகால், எட்டரை. தம்புசாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கால்மணி நேரத்தையும் முழுசாக விட்டான். ஒரு நிமிடம்கூட முன்னால் எழவில்லை. சபாபதியின் கை மூன்றாம் மெஷினின் சுவிட்சுக்குப் பக்கம் தானாகப் போயிற்று.

“மொதல்ல வால்வு” என்றான் தம்புசாமி, நாற்காலியை விட்டு எழாமல்.

சபாபதி மெஷினுக்குப் பின்னால் போனான். சக்கரத்தைப் பிடித்தான். முதல் சுற்றிலேயே தோள் கத்திற்று. பத்தில் மூச்சு வாங்கிற்று. இருபத்தைந்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அறுந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் புறங்கையைக் கீறிற்று. நாற்பதாவதில் சக்கரம் இடித்து நின்றது.

“தொறந்தாச்சு.”

தம்புசாமி பம்பைப் போட்டான். தண்ணீர் ஓடுவதை உறுதிசெய்துகொண்டு மெஷினை எழுப்பினான். புத்தகத்தைத் திறந்து ‘எண் 3 ஆன், 4.05’ என்று நிதானமாக எழுதினான். ஓரத்துக் கட்டத்தில் வசவு ஏதும் எழுதவில்லை. எழுதினால் சபாபதிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“ஆறு மணிக்கு லோடு எறங்கிடும்” என்றான் தம்புசாமி. “மறுபடி மூடணும். நாளைக்கும் தொறக்கணும்.”

சபாபதி புறங்கையில் கசிந்த ரத்தத்தைச் சட்டையில் துடைத்தான். பிறகு சக்கரத்தில் மிச்சமிருந்த கம்பியை அவிழ்க்கத் தொடங்கினான்.